வாடிக்கையாளர் ரிவியூ படத்துக்குப் பொய்ப் பின்னணி கேட்கிறார்கள்: மறுத்து எழுதிய பதில் சரியா?

மாஸ்க்லேயர்

வீட்டிலிருந்தே படத் திருத்த வேலை செய்கிறேன். பெரும்பாலும் சின்ன வியாபாரிகளின் பொருட்படங்கள்தான்: வெள்ளைப் பின்னணி, நிறம் சரிசெய்தல், கேட்டலாக். கும்பகோணம் பக்கம் பித்தளைப் பாத்திரம் விற்கும் ஒரு அக்கா என் நெடுநாள் வாடிக்கை. பேரம் பேசமாட்டார், பணம் சொன்ன தேதிக்கு வந்துவிடும். அவரை இழக்க மனமில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

அவரிடம் ஈயம் பூசிய ஒன்றரை லிட்டர் பொங்கல் பானை வாங்கிய ஒருவர், கொல்லையில் துவைக்கிற கல் மேல் பானையை வைத்துப் படமெடுத்து, "பானை நல்ல கனம், பூச்சும் சுத்தம்" என்று எழுதி அனுப்பியிருக்கிறார். படத்தில் பக்கத்திலேயே நீல பிளாஸ்டிக் வாளி, பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் தடுப்பு, கொடியில் ஈரத் துண்டு. ஆள் நிஜம், பானை நிஜம், ரிவியூவும் நிஜம்.

அக்கா கேட்பது: பானையை மட்டும் வெட்டி எடுத்து, அவர் கூடவே அனுப்பிய ஒரு மாடுலர் கிச்சன் படத்தின் கிரானைட் மேடையில் வைக்க வேண்டும். அதை "எங்கள் வாடிக்கையாளர் வீட்டிலிருந்து" என்ற வரியோடு இன்ஸ்டாவிலும் தன் விற்பனைத் தளத்திலும் போடப்போகிறார்.

முடியாது என்று எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை:

> வணக்கம் அக்கா. நீங்கள் கேட்ட வேலை வாடிக்கையாளர்களை ஏமாற்றுவதாகும். தொழில் நெறிமுறைப்படி இத்தகைய பணிகளை நான் ஏற்பதில்லை. மேலும் இது சட்டப்படி குற்றமாகவும் கருதப்படலாம். தற்போது வேறு பணிகளும் அதிகமாக உள்ளன. புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறேன். நன்றி.

எனக்கே படிக்க நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. எப்படி மாற்றலாம்?

பிக்சல்பாண்டி

ரொம்பச் சுலபம் நண்பா. போட்டோஷாப்பில் `Select Subject` கொடுத்தால் பானை அப்படியே வந்துவிடும். ஓரத்தை `Select and Mask` உள்ளே போய் லேசாக உள்ளே தள்ளுங்கள், நீல வாளியின் சாயல் போய்விடும். அப்புறம் கீழே ஒரு லேயரில் மென்மையான நிழல் வரைந்தால் முடிந்தது. அரை மணி நேர வேலை.

மாஸ்க்லேயர்

பாண்டி, எப்படிச் செய்வது என்று கேட்கவில்லை. எப்படி மறுப்பது என்று கேட்கிறேன்.

பழைய டார்க்ரூம்

மறுப்பது பிறகு. முதலில் பாண்டிக்கு: அரை மணியில் முடியாது தம்பி. பித்தளையை நீங்கள் இதற்கு முன் வெட்டி ஒட்டியதில்லை போல.

தேய்த்த பித்தளைப் பானையின் வயிற்றில் எதிரே இருக்கும் அத்தனையும் வளைந்து தெரியும். துவைக்கிற கல்லின் விளிம்பு, வானம், வாளியின் நீலம் ஒரு பட்டையாக, நடுவில் கையை உயர்த்தி ஃபோன் பிடித்திருக்கும் ஆளின் கறுப்பு உருவம். இந்தப் பானையைக் கிச்சன் மேடையில் வைத்தால் வயிற்றுக்குள் கொல்லை அப்படியே இருக்கும். அதை அழிக்க வேண்டுமானால் வயிறு முழுவதையும் புதிதாக வரைய வேண்டும். பிறகு அது வாடிக்கையாளர் எடுத்த பானையே இல்லை, நீங்கள் வரைந்த பானை.

அதைவிடப் பெரிய சிக்கல் பானையின் வாய். வாங்கியவர் நின்றுகொண்டு கீழே பார்த்து எடுத்திருப்பார், கல் இடுப்பளவு உயரம்கூட இருக்காது. அதனால் பானை வாய் நன்றாக விரிந்த முட்டை வடிவமாகத் தெரியும், உள்ளே பூச்சுகூடத் தெரியும். கிச்சன் படங்களை மேடை மட்டத்துக்குக் கேமராவை இறக்கித்தான் எடுப்பார்கள். அந்த உயரத்தில் வாய் ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரிய வேண்டும். இரண்டையும் ஒட்டினால் பானை முன்பக்கம் சரிந்து விழப்போவது போல இருக்கும். பார்க்கிறவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று தோன்றிவிடும். கோணத்தை எந்த நிழலாலும் மூட முடியாது.

வெளிச்சமும் ஒட்டாது. கொல்லையில் நிழலில் எடுத்த படம் நீலம் தட்டும், கிச்சன் விளக்கு மஞ்சள். இதையாவது சரிசெய்யலாம், அது வேலைதான். வாயைச் சரிசெய்ய முடியாது.

ஆனால் இதைக் காரணமாகக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். "கஷ்டம்" என்று சொன்னால் "கூடக் கொடுக்கிறேன்" என்பார், அல்லது "கோணம் பொருந்துகிற கிச்சன் படம் அனுப்புகிறேன்" என்பார்.

வரவுசெலவு

உங்களுக்கு எதற்கு இந்த வம்பு? பானை நிஜம், வாங்கினவர் நிஜம். கல்யாண வீட்டில் சுவரை மறைத்து ஸ்க்ரீன் கட்டுவதில்லையா? நீங்கள் மறுத்தால் அடுத்த ஆள் செய்துகொடுப்பான். நீங்கள் கூலி வாங்குகிறவர், எங்கே போடுகிறார் என்பது அவர் பாடு.

மாஸ்க்லேயர்

எனக்கும் முதலில் அந்தக் குழப்பம் இருந்தது வரவுசெலவு. பொருளில் பொய் இல்லை என்றால் எங்கேதான் பொய் என்று. இப்போது அந்தக் கிச்சன் படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். மேடையில் பானை வைக்கச் சொன்ன இடத்துக்கு நேர் பின்னால், கண்ணாடி மேற்பரப்போடு ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறது.

பாத்திரக்கடை மீனா

ஐயோ. பித்தளை இண்டக்‌ஷனில் வேலைக்கே ஆகாது. காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அந்த அடுப்பு கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. எங்கள் கடையில் வாரம் ஒருவராவது "இண்டக்‌ஷனில் வைக்கலாமா" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் கேட்காமலே வாங்கிவிடுவார்கள், அப்புறம் பானை திரும்பி வரும். அந்த அக்காவுக்கே நஷ்டம்.

நான் சேலையும் விற்கிறேன், அதில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய படத்தில் பின்னால் மஞ்சள் சுவர். பார்க்க நன்றாக இல்லை என்று படம் திருத்துகிற ஒருவர் சுவரை வெள்ளையாக்கிக் கொடுத்தார். மஞ்சள் சுவரில் பட்டு வந்த வெளிச்சத்தில்தான் அந்தச் சேலை அரக்காகத் தெரிந்திருக்கிறது. பின்னால் சுவர் வெள்ளை, சேலை மட்டும் அதே அரக்கு. பார்த்தவர்கள் அதுதான் சேலையின் நிறம் என்று நம்பி வாங்கினார்கள். கைக்கு வந்தது சிவப்பு. அந்த மாதம் முழுக்க கொரியர் செலவுதான்.

பழைய டார்க்ரூம்

மீனா சொன்னதுதான் இதில் முக்கியமான விஷயம். கடைக்காரர் எடுத்த படத்தை விட்டுவிட்டு ரிவியூ படத்தை ஏன் தேடிப் பார்க்கிறோம்? பானை எப்படி இருக்கும் என்று கடைப் படத்திலேயே தெரிந்துவிடும். வீட்டு வெளிச்சத்தில் என்ன நிறம், பக்கத்தில் இருக்கும் பொருளோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிது, எதில் வைத்துப் புழங்குகிறார்கள் என்பதற்காகத்தான் ரிவியூ படத்துக்குப் போகிறோம். இந்த மூன்றையும் சொல்வது பின்னணிதான்.

அந்த நீல வாளியைப் பாருங்கள். எல்லார் வீட்டிலும் இருக்கிற வாளி. அதன் பக்கத்தில் ஒன்றரை லிட்டர் பானை எவ்வளவு சின்னது என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். "நாலு பேருக்குப் பொங்கல் வைக்கலாமா" என்று யோசிக்கிறவருக்கு அந்த வாளிதான் பதில். கிரானைட் மேடையில் ஒட்டும்போது பானையை எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதை யார் முடிவு செய்வார்? நீங்கள். மேடை காலியாக இருக்கிறதே என்று கொஞ்சம் இழுத்துப் பெரிதாக்குவீர்கள். மூன்று லிட்டர் பானை மாதிரி வந்து நிற்கும்.

வரவுசெலவு சொன்ன கல்யாண ஸ்க்ரீன் வேறு. அங்கே சுவரைப் பார்த்து யாரும் பெண்ணை முடிவு செய்வதில்லை.

நுகர்வோர் நேசன்

இது நேரடியாகச் சட்டமீறல். ஐஎஸ் 19000 என்று 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் ரிவியூவுக்கென்றே விதி கொண்டுவந்துவிட்டது. அந்தப் பிரிவைக் கடிதத்தில் போடுங்கள், அக்கா அத்தோடு நிறுத்திவிடுவார்.

கோர்ட்டுப் பக்கம்

நேசன், பாதி சரி. ஐஎஸ் 19000:2022 இருப்பது உண்மைதான். ஆனால் அது கட்டாயச் சட்டமில்லை, விரும்பிப் பின்பற்றும் தரம். அதுவும் ரிவியூக்களைச் சேகரித்து, சரிபார்த்து, வெளியிடுகிறவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பற்றியது. அதைக் காட்டி "குற்றம்" என்று ஒருவரிடம் சொல்ல முடியாது.

பல் இருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு. பொருளைப் பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். இன்ஸ்டாவில் போட்டாலும் விளம்பரம் விளம்பரம்தான். 2020ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளில், விற்பவரே வாடிக்கையாளர் வேடம் போட்டு ரிவியூ எழுதக் கூடாது என்று தனியாகவே இருக்கிறது. இங்கே ரிவியூ எழுதியது நிஜ வாடிக்கையாளர் என்பதால் அந்த விதி நேராகப் பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. விளம்பரப் பிரிவு பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன், குறிப்பாக அந்த இண்டக்‌ஷன் அடுப்போடு.

மாஸ்க்லேயர்

படத்தைத் திருத்திக் கொடுத்தவனுக்கும் அது பாயுமா?

கோர்ட்டுப் பக்கம்

தவறான விளம்பரத்தை வெளியிடுவதில் பங்குகொண்டவர் என்றும் அதே சட்டத்தின் 21ஆம் பிரிவில் ஒரு வரி வருகிறது. வழக்கமான தொழில் முறையில் செய்தேன் என்று நிரூபித்தால் தப்பிக்கவும் வழி கொடுத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து படம் திருத்துகிறவர் வரை அந்த வரி நீளுமா என்றால், நீளும் என்றும் சொல்லமாட்டேன், நீளாது என்றும் சொல்லமாட்டேன். எப்படியிருந்தாலும் கடிதத்தில் சட்டத்தை எடுக்காதீர்கள். நல்ல உறவில் இருக்கிறவருக்குப் பிரிவு எண்ணைக் காட்டினால் அது மிரட்டல்.

இன்னொன்றை யாரும் கேட்கவில்லை. அந்தப் படம் அக்காவுடையதே இல்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எடுத்தவர்தான் முதல் உரிமையாளர், அதாவது பானை வாங்கியவர். நன்றி சொல்லி வாட்ஸப்பில் அனுப்பியதாலேயே வெட்டி ஒட்டவும் சம்மதித்தார் என்று ஆகாது. அவர் அந்த இன்ஸ்டா பதிவைப் பார்த்து "இது என் வீடில்லையே" என்று கீழே ஒரு வரி எழுதினால் போதும், வேறு வழக்கே வேண்டாம்.

செல்வி_எடிட்ஸ்

நானும் இதே தொழில்தான். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது இரண்டு.

"ஏமாற்றுவதாகும்." அவர் ஏமாற்ற நினைத்துக் கேட்கவில்லை. ஈரத் துண்டும் ஆஸ்பெஸ்டாஸும் தன் கடைப் பக்கத்தில் தெரிகிறதே என்று கூச்சப்பட்டுக் கேட்டிருக்கிறார். கூச்சத்தில் கேட்டவரைத் திருடர் மாதிரி நிற்க வைத்தால் மறுபடி எதற்கும் வரமாட்டார்.

அதைவிட மோசம் "வேறு பணிகளும் அதிகமாக உள்ளன." அது சாக்கு. "சரி தம்பி, அவசரமில்லை, அடுத்த வாரம் செய்" என்பார். அப்போது இரண்டாவது சாக்குத் தேட வேண்டும். நிஜக் காரணம் ஒன்று இருக்கும்போது பக்கத்தில் பொய்க் காரணத்தை வைத்தால் நிஜக் காரணமும் பொய்யாகத் தெரியும்.

எதைச் செய்யமாட்டீர்கள் என்பதை ஒரே வரியில், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அதற்கடுத்த வரியிலேயே எதைச் செய்து தரமுடியும் என்று சொல்லுங்கள், விலையோடு, நாளோடு. அவருக்கு வேண்டியது பார்வைக்கு அழகான ஒரு பதிவு. அதற்கு வேறு வழி இருக்கிறதே.

வரவுசெலவு

வேறு வழி என்ன? அதைச் சொல்லுங்கள், அதுதான் உருப்படியான பேச்சு.

செல்வி_எடிட்ஸ்

நான் செய்வது இது. வாடிக்கையாளர் படத்தில் சாய்வை நிமிர்த்துவேன், இருட்டைக் கொஞ்சம் தூக்குவேன், ஓரத்தை வெட்டுவேன். முகமோ, கதவு எண்ணோ, குழந்தையோ இருந்தால் மறைப்பேன். அதோடு சரி. பிறகு ஒரு சதுர அட்டை வடிவமைத்து, அந்தப் படத்தைச் சின்னதாக உள்ளே வைத்து, அவர் எழுதிய வரியை அவர் எழுதியபடியே பெரிய எழுத்தில் போடுவேன். அட்டையின் நிறம், ஓரக்கோலம் எல்லாம் கடைக்குத் தகுந்தபடி. கண் எழுத்துக்குத்தான் முதலில் போகும், துண்டு யாருக்கும் பெரிதாகத் தெரியாது.

கிச்சன் படம் வேண்டும் என்றால் கடைக்காரரே தன் வீட்டு அடுப்பில் பானையை வைத்து எடுத்து, கடையின் படம் என்றே போடட்டும். அதில் எவ்வளவு அழகு செய்தாலும் எனக்குச் சம்மதம். "வாடிக்கையாளர் வீட்டிலிருந்து" என்ற வரி மட்டும் அதில் வரக்கூடாது.

பாத்திரக்கடை மீனா

கேஸ் அடுப்பில் வைத்து எடுத்தால் ஒன்று. வெறும் பானையை எரிகிற அடுப்பில் வைத்துப் படமெடுக்காதீர்கள். தண்ணீரோ அரிசியோ இருக்க வேண்டும். வெள்ளீயப் பூச்சு 232 டிகிரியிலேயே உருகிவிடும், காய்ந்த பானையில் அது சட்டென்று வந்துவிடும். படத்துக்காகப் பானையைக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

மாஸ்க்லேயர்

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாற்றி எழுதினேன். காலையில் அனுப்பிவிட்டேன்:

> வணக்கம் அக்கா. படம் பார்த்தேன். வாங்கினவங்க மனசார எழுதியிருக்காங்க, சந்தோஷம்.
>
> ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் அனுப்பிய படத்தின் பின்னணியை மாற்றி, அவர் வீடு என்று போடுகிற வேலையை நான் யாருக்கும் செய்வதில்லை. பானை எவ்வளவு பெரிசு, எந்த அடுப்புக்கு ஆகும் என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் புதிதாக வாங்குகிறவர்கள் முடிவு செய்வார்கள். நீங்கள் அனுப்பிய கிச்சனில் இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறது. அதைப் பார்த்து வாங்கிவிட்டு உங்களிடம் வந்து நின்றால் உங்களுக்குத்தான் சங்கடம்.
>
> அதற்குப் பதில் இரண்டு செய்து தருகிறேன். ஒன்று, அவங்க படத்தை நிமிர்த்தி, வெளிச்சம் சரிசெய்து, கொடியில் இருக்கும் துண்டு வராத மாதிரி ஓரத்தை வெட்டி, அவங்க எழுதின வரியோடு ஒரு அழகான அட்டை. வாளி மட்டும் இருக்கட்டும், அளவு தெரியும். இரண்டு, உங்கள் வீட்டு கேஸ் அடுப்பில் பானையில் பொங்கல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் நாலைந்து படம் எடுத்து அனுப்புங்கள். அதை எவ்வளவு வேண்டுமானாலும் மெருகேற்றுகிறேன், கடையின் படம் என்று போட்டுக்கொள்ளலாம். வழக்கமான விலைதான். வெள்ளிக்கிழமைக்குள் கையில் இருக்கும்.
>
> படம் போடலாமா என்று அவங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் அக்கா.

செல்வி_எடிட்ஸ்

"யாருக்கும் செய்வதில்லை" என்று போட்டது நல்லது. "இந்த முறை மட்டும்" என்று கேட்க இடமில்லை. அவரை மட்டும் ஒதுக்குகிற மாதிரியும் இல்லை.

கோர்ட்டுப் பக்கம்

ஒரே கேள்வி. துண்டை ஓரத்தோடு வெட்டுகிறீர்கள், சரி. துண்டு நடுவில் இருந்திருந்தால் அழித்திருப்பீர்களா?

மாஸ்க்லேயர்

அழித்திருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். வெட்டினால் படத்தில் இருப்பது குறைகிறது. அழித்தால் அந்த இடத்தில் இல்லாத சுவரை நான் வரைய வேண்டும்.

பிக்சல்பாண்டி

அப்படிப் பார்த்தால் குழந்தை முகத்தை மறைப்பதும் வரைவதுதானே?

செல்வி_எடிட்ஸ்

மறைத்தது மறைத்ததாகவே தெரிய வேண்டும். கட்டம் கட்டமாக்கி விடுவேன். குழந்தையே அங்கே இல்லாதது போல் செய்யமாட்டேன்.

மாஸ்க்லேயர்

அக்கா பதில் போட்டுவிட்டார். "இண்டக்‌ஷன் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை தம்பி, நல்லவேளை. அட்டை போட்டுக் கொடு. ஆனால் அந்த ஆஸ்பெஸ்டாஸை மங்கலாவது ஆக்கேன், ஃபோனே அதைச் செய்கிறதே." என்ன சொல்வது?

வரவுசெலவு

செய்துகொடுங்கள் ஐயா. போர்ட்ரெய்ட் மோடில் அந்த வாடிக்கையாளரே எடுத்திருந்தால் மங்கலாகத்தானே வந்திருக்கும்? அதை யாரும் பொய் என்று சொல்லமாட்டார்கள்.

பழைய டார்க்ரூம்

சுவரை மட்டும் லேசாக மங்கலாக்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை, வாளியின் விளிம்பு கூர்மையாக இருக்கும் வரை. பானை கல் மேல், வாளி அதன் பக்கத்தில், இரண்டும் ஒரே தூரத்தில் இருக்கின்றன. லென்ஸ் மங்கலாக்கினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெளிவாக இருக்கும். வாளியும் சேர்ந்து கரைந்தால் அளவும் போய்விடும்.

செல்வி_எடிட்ஸ்

நான் செய்யமாட்டேன். அவர் எடுக்காத மங்கலை நாம் போடுகிறோம். இன்று சுவர், அடுத்த படத்தில் "வாளியையும் கொஞ்சம்" என்பார். டார்க்ரூம் ஐயாவோடு எனக்கு இதில் ஒத்துப்போகவில்லை.

பாத்திரக்கடை மீனா

வாங்குகிற ஆளாகச் சொல்கிறேன், ஆஸ்பெஸ்டாஸ் தெரிந்தால் எனக்கு இன்னும் நம்பிக்கைதான் வரும். அதை அக்காவிடம் சொல்லிப் பாருங்களேன்.

மாஸ்க்லேயர்

சொல்லிப் பார்க்கிறேன். மங்கலாக்கியது, ஆக்காதது என்று இரண்டு அட்டையும் செய்து, வாங்கினவரிடமே காட்டிக் கேட்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். படம் அவருடையதுதானே.